உவரிக் கரையில் கார்னெட் கிடக்கிறது, வைரம் ஏன் இல்லை?

உவரி, குட்டம், பெரியதாழைக் கரைகளில் அலை திரும்பிப் போன இடத்தைப் பார்த்தால் மணல் ஒரே நிறமாக இருக்காது. வெளிர்மணலுக்கு நடுவே கருஞ்சிவப்பில் பட்டை பட்டையாகக் கனமான மணல் ஒதுங்கிக் கிடக்கும். அதில் சிவப்பாக இருப்பது கார்னெட், கறுப்பாக இருப்பது பெரும்பாலும் இல்மனைட். செய்திகளில் தாது மணல் என்று அடிபடுவது இதுதான். தென்னாப்பிரிக்காவிலும் கனடாவிலும் வைரம் தேடிப் போகிறவர்கள் மண்ணையும் ஆற்று மணலையும் சலித்துத் தேடும் கனிமங்களில் இவை இரண்டும் உண்டு. அப்படியானால் நம் கரையிலும் வைரம் இருக்க வேண்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கான பதில் அந்தக் கார்னெட் எவ்வளவு ஆழத்தில் பிறந்தது என்பதில் இருக்கிறது.

சார்னோகைட், கோண்டலைட் ஆகிய பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்து சேர்ந்ததுதான் நம் பக்கத்துக் கார்னெட். தென் தமிழகத்திலும் கேரளத்திலும் காணப்படும் கோண்டலைட் பாறையின் ஒரு துண்டை உடைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தால், கார்னெட் மணிகளுக்கு இடையே சில இடங்களில் ஈயம்போல் மினுங்கும் கருஞ்செதில்கள் தெரியும். சுரண்டினால் நகம் கறுக்கும். காகிதத்தில் தேய்த்தால் கோடு விழும். அது கிராஃபைட், அதாவது பென்சிலின் உள்ளே இருக்கும் அதே பொருள். சிவகங்கையில் இதைச் சுரங்கம் வைத்தே எடுக்கிறார்கள்.

கிராஃபைட் முழுக்க முழுக்கக் கார்பன். வைரமும் அப்படித்தான். 1797-இல் ஸ்மித்சன் டென்னன்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் வைரத்தை எரித்து, அதே எடையுள்ள கரி எரிந்தால் எவ்வளவு கரியமில வாயு வருமோ அவ்வளவே அதிலிருந்தும் வருவதைக் காட்டினார். ஆக, வைரத்துக்கு வேண்டிய சரக்கு தென்னாட்டுப் பாறையிலேயே இருக்கிறது. அது வைரமாகாமல் கிராஃபைட்டாக நின்றுவிட்டது ஏன்?

முதலில் இரண்டின் உள்கட்டமைப்பைப் பார்ப்போம். கார்பன் அணு ஒவ்வொன்றுக்கும் பிணைப்புக்கான எலக்ட்ரான்கள் நான்கு. கிராஃபைட்டில் ஓர் அணு பக்கத்தில் உள்ள மூன்று அணுக்களோடு மட்டும் கைகோக்கிறது. அதனால் அறுகோணக் கண்ணிகள் கொண்ட தட்டையான தாள்கள் உருவாகின்றன. பத்தமடைப் பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போன்ற அமைப்பு அது. ஒரு பாய்க்குள் பின்னல் வெகு இறுக்கம், பாய்க்கும் பாய்க்கும் இடையே பிடிப்பு மிகக் குறைவு. ஒரே தாளில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி 1.42 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு சென்டிமீட்டரின் பத்துக் கோடியில் 1.42 பங்கு. தாளுக்கும் தாளுக்கும் இடைவெளியோ 3.35 ஆங்ஸ்ட்ராம். பென்சில் எழுதும்போது தாள்கள் சறுக்கிக் கழன்று காகிதத்தில் ஒட்டுகின்றன. எஞ்சிய நான்காவது எலக்ட்ரான் தாள் முழுவதும் உலவுகிறது. கிராஃபைட்டில் மின்சாரம் பாய்வதும், ஒளியை அது விழுங்கிக் கறுப்பாகத் தெரிவதும் அந்த எலக்ட்ரானால்தான்.

வைரத்தில் நான்கு எலக்ட்ரான்களும் நான்கு திசையில் நான்கு அணுக்களோடு பிணைந்துவிடுகின்றன. உலவ எலக்ட்ரான் இல்லை. அதனால் தூய வைரத்தில் மின்சாரம் பாயாது, ஒளி தடையின்றி ஊடுருவும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைரத்தின் பிணைப்பு நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். ஒரு பிணைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், கிராஃபைட் தாளுக்குள் இருப்பதுதான் வைரத்தினுடையதைவிட நீளம் குறைந்தது, வலுவானது. வைரத்தின் கடினம், எந்தத் திசையில் அழுத்தினாலும் நழுவிப்போக ஓர் அடுக்கு இல்லை என்பதிலிருந்து வருகிறது.

இந்தக் கட்டமைப்பு வேறுபாட்டிலேயே ஆழத்தின் கணக்கும் அடங்கியிருக்கிறது. 12 கிராம் கார்பன் கிராஃபைட்டாக இருந்தால் சுமார் 5.3 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும். வைரமாக இருந்தால் 3.4 போதும். அடுக்குகளுக்கு இடையிலிருந்த வெற்றிடம் போய்விடுவதால் இந்தச் சுருக்கம். தரைமட்டத்தில் கிராஃபைட்டின் ஆற்றல் சற்றுக் குறைவு, ஆகவே இங்கே நிலையான வடிவம் அதுவே. வித்தியாசம் அந்த 12 கிராமுக்கு ஏறத்தாழ 2.9 கிலோ ஜூல் மட்டுமே. அழுத்தம் கூடும்போது குறைந்த இடத்தில் அடங்கும் வடிவத்துக்குச் சாதகம் கூடுகிறது. 2.9 கிலோ ஜூலை, மிச்சமாகும் 1.9 கன சென்டிமீட்டரால் வகுத்தால் வருவது ஏறத்தாழ 15,000 வளிமண்டல அழுத்தம். அறை வெப்பநிலையில் வைரம் நிலையான வடிவமாவது அந்த எல்லைக்கு மேல்தான். சூடு ஏறினால் எல்லையும் ஏறும், ஏனென்றால் வெப்பம் தளர்வான அமைப்புக்கே துணை நிற்கிறது. 900 டிகிரி செல்சியஸில் 40,000-ஐத் தாண்ட வேண்டும், 1,000 டிகிரியில் சுமார் 44,000 வேண்டும்.

இப்போது நம் பாறைகளுக்கு வருவோம். கண்டங்கள் மோதி கோண்ட்வானா பெருநிலம் ஒன்றுசேர்ந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, தென்கோடிப் பாறைகள் பூமிக்குள் அமிழ்ந்து வெந்தன. அவற்றின் கனிமங்களிலிருந்து கணித்தால் வெப்பம் 800 டிகிரிக்கு மேல், ஆழம் 20 முதல் 30 கிலோமீட்டர். பூமிக்குள் சுமார் 3 கிலோமீட்டர் இறங்க இறங்க 1,000 வளிமண்டலம் கூடும் என்று வைத்துக்கொண்டால், அங்கே இருந்த அழுத்தம் 7,000 முதல் 10,000. சூடு தாராளமாக இருந்தது. அழுத்தமோ தேவைப்பட்டதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. சேற்றுப் படிவில் கலந்திருந்த கார்பன் கிராஃபைட்டாக ஒழுங்குபட்டதோடு நின்றது. எத்தனை கோடி ஆண்டுகள் காத்திருந்தாலும் அந்த ஆழத்தில் வைரம் வராது.

44,000 வளிமண்டலம் என்றால் சுமார் 140 கிலோமீட்டர் ஆழம். அது புவி மேலோட்டுக்குக் கீழே, கவசத்தின் பகுதி. அங்கேயும் எல்லா இடமும் தோதானதல்ல. பெரும்பாலான நிலப்பகுதிகளுக்கு அடியில் அந்த ஆழத்தில் பாறை மிகச் சூடாக, மெல்லப் புரண்டுகொண்டிருக்கும். ஆனால் 250 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான கண்ட நடுப்பகுதிகளின் அடியில், கவசப்பாறை தடித்துக் குளிர்ந்து, 200 கிலோமீட்டர் ஆழம்வரை நங்கூரமிட்டதுபோல் அசையாமல் நிற்கிறது. இப்படிப்பட்ட பகுதிகளைக் கிரேட்டான் என்பார்கள். அங்கே 150 கிலோமீட்டரில் வெப்பம் ஏறத்தாழ 1,000 டிகிரிதான். அழுத்தம் போதும், சூடும் மிஞ்சவில்லை. சுரங்கங்களில் கிடைக்கும் வைரங்களில் பெரும்பகுதி 150 முதல் 200 கிலோமீட்டருக்கு இடைப்பட்ட இந்தப் பகுதியில் பிறந்தது. கர்நாடகத்தையும் ஆந்திரத்தின் மேற்குப் பகுதியையும் தாங்கும் தார்வார் நிலம் அத்தகைய ஒரு கிரேட்டான். அனந்தபூர் மாவட்டத்து வஜ்ரகரூர் அதன்மேல் இருக்கிறது. மழை பெய்து விட்டதும் அந்தப் பக்கத்து வயல்களில் மக்கள் குனிந்து வைரம் தேடுவது வீண் ஆசையால் அல்ல.

நிலக்கரி அமுங்கி வைரமாகிறது என்று பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. நிலக்கரி நிலத்தாவரங்களால் ஆனது, அவற்றின் வயது 50 கோடி ஆண்டுக்குள். வைரங்களில் பெரும்பாலானவை அதற்கு வெகு முன்பே உருவானவை. கவசத்தில் கார்பன், பாறை இடுக்குகளில் ஊறும் திரவங்களோடு பயணம் செய்கிறது. சில திரவங்களில் அது மீத்தேனாக, சிலவற்றில் கார்பனேட்டாக இருக்கும். அத்திரவம் ஆக்சிஜன் நிலை வேறுபட்ட பாறையைச் சந்திக்கும்போது கார்பன் தனித்துப் பிரிந்து, அணு அணுவாகப் படிந்து படிகமாக வளர்கிறது. உப்பளத்தில் உப்பு கட்டுவதுபோல் ஒரே போக்காகவும் வளர்வதில்லை. இடையே நின்று, கரைந்து, மீண்டும் வளர்ந்த தடயங்கள் பல கற்களுக்குள் வளையம் வளையமாகத் தெரிகின்றன.

இதெல்லாம் எப்படித் தெரியும்? நகைக்கடையில் ஏழுகல் தோடு வாங்குபவர்கள் கரும்புள்ளி உள்ள கல்லைத் தோஷம் என்று ஒதுக்குவார்கள். எனக்கு அந்தப் புள்ளியின்மேல்தான் கண். பல கற்களில் அது வளரும்போது வைரம் உள்ளே சிறைப்பிடித்த சல்பைடு கனிமமாகவும், அதைச் சுற்றிய விரிசலில் படிந்த கிராஃபைட்டாகவும் இருக்கிறது. சில கற்களில் சிறைப்பட்டது கார்னெட். அந்தக் கார்னெட்டில் குரோமியம் மிகுதி, கால்சியம் குறைவு, நிறம் ஊதா கலந்த சிவப்பு. நம் கரையில் கிடப்பதோ இரும்பு மிகுந்த, மேலோட்டில் பிறந்த கார்னெட். வைரம் தேடுபவர்கள் சலித்த மணலில் பார்ப்பது இந்த வேதியியல் வித்தியாசத்தைத்தான், வெறும் சிவப்பை அல்ல. தென்னாப்பிரிக்கக் கற்களுக்குள் இருந்த கார்னெட்டுகளின் வயதை 1984-இல் ஸ்டீபன் ரிச்சர்ட்சனும் உடன் ஆய்ந்தவர்களும் 320 கோடி ஆண்டுகளுக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். கிம்பர்லியில் அவற்றை மேலே கொண்டுவந்த எரிமலைக் குழம்பின் வயது ஏறக்குறைய 9 கோடி ஆண்டுதான். இடைப்பட்ட காலமெல்லாம் கல் கீழேயே இருந்திருக்கிறது.

கீழே உருவானால் மட்டும் போதாது, உருக்குலையாமல் மேலே வரவும் வேண்டும். ஏறும் வழியில் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். பாதி தூரம் வருவதற்குள்ளாகவே நிலையான வடிவம் கிராஃபைட் ஆகிவிடும். சூடு மட்டும் குறையாமல் இருந்தால் மாற்றம் நடந்தே தீரும். கிம்பர்லைட் என்ற குழம்பு கரியமில வாயுவும் நீராவியும் நிறைந்து, சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் மேலே பீறிட்டு வந்துவிடுகிறது. வைரம் மாற அவகாசம் கிடைப்பதில்லை. ஆனாலும் அந்தக் குழம்பு கல்லைச் சற்றுக் கரைக்கத்தான் செய்கிறது. பட்டை தீட்டாத கல்லை உருப்பெருக்கியில் பார்த்தால் முனைகள் மழுங்கியும், முகங்களில் நுண்ணிய முக்கோணப் பள்ளங்களோடும் இருப்பது அந்தக் கரைவின் தழும்பு.

மெதுவாக ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு மொராக்கோவின் பெனி பூசெரா மலை சாட்சி. அது எரிமலைக் குழம்போடு வராமல், கவசத்தின் ஒரு பெருந்துண்டாகச் சூடு ஆறாமல் மெல்ல மேலேற்றப்பட்டது. அங்குள்ள சில பாறை அடுக்குகளில் எட்டு முகம் கொண்ட படிகங்கள் இருக்கின்றன. உருவம் அச்சு அசல் வைரம். ஆனால் தொட்டால் விரல் கறுக்கும், முழுக்கக் கிராஃபைட். கிராஃபைட் தானாக வளர்ந்தால் அறுகோணத் தகடாகத்தான் வரும், எண்முகமாக வராது. ஆகவே அவை ஒரு காலத்தில் வைரங்கள் என்று கிரஹாம் பியர்சனும் உடன் ஆய்ந்தவர்களும் 1989-இல் எழுதினார்கள்.

கையில் இருக்கும் மோதிரக் கல்லுக்கு அந்தக் கதி நேராது. நான்கு பிணைப்புகளையும் முறித்து அடுக்காக மாற்றி அமைக்க அறை வெப்பநிலையில் ஆற்றல் போதாது. காற்றில்லாத இடத்தில் 1,500 டிகிரிக்கு மேல் சூடேற்றினால்தான் அது வேகமாகக் கிராஃபைட்டாகும். காற்று உள்ள இடத்தில் கவலை வேறு. 700, 800 டிகிரியிலேயே வைரம் ஆக்சிஜனோடு சேர்ந்து எரியத் தொடங்கும். நகையைப் பற்றவைக்கும் ஊதுகுழலின் சுடர் அதைவிடச் சூடானது. அதனால்தான் தேர்ந்த ஆசாரிகள் வேலைக்கு முன் கல்லைக் கழற்றிவிடுகிறார்கள், அல்லது காற்று படாமல் போரிக் அமிலப் பூச்சு கொடுக்கிறார்கள். பழுது பார்த்து வந்த கல் பால்படிந்ததுபோல் மங்கலாகி, துடைத்தும் போகவில்லை என்றால், மேற்பரப்பு தீய்ந்திருக்கக்கூடும். அப்படியானால் மறுபடி மெருகேற்றி அந்த மேற்பரப்பை நீக்கினால் பழைய தெளிவு வரும், எடை மட்டும் சிறிது குறையும்.