கூட்டுப் பத்திரம்: கணவர் இறந்தபின் வீடு யாருக்கு?

சேலம் அம்மாபேட்டையில் கணவன், மனைவி இருவர் பேரிலும் ஒரு வீடு. இன்றைய மதிப்பு 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் இந்துக்கள். உயில் எழுதாமல் கணவர் இறந்துவிடுகிறார். பத்திரத்தில் தன் பேரும் இருப்பதால் வீடு முழுக்கத் தனக்குத்தான் என்று மனைவி நினைக்கிறார். அப்படி இல்லை.

பத்திரத்தில் யாருக்கு எவ்வளவு என்று எழுதாமல், யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்பதற்கும் ஆதாரம் இல்லாவிட்டால், சொத்து மாற்றுச் சட்டம் ஆளுக்குப் பாதி என்றே கொள்ளும். மனைவியின் பாதி அவருடையதே. கணவரின் பாதி, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் பிரியும்: மனைவி, மகன், மகள், அப்புறம் கணவரின் அம்மா. பலரும் கணக்கில் விட்டுவிடுவது அந்த அம்மாவைத்தான். மாமனாருக்கு இதில் பங்கு கிடையாது.

ஒரு மகன், ஒரு மகள், மாமியார் இருந்தால், கணவரின் 30 லட்சம் நாலாகப் பிரிந்து ஆளுக்கு ஏழரை லட்சம். மனைவிக்கு மொத்தம் முப்பத்தேழரை லட்சம்.

சிக்கல் பிறகுதான். அந்த மாமியாரும் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய ஏழரை லட்சம் அவர் வாரிசுகளுக்குப் போகும். அதில் கணவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளும் உண்டு. மாமனார் இருந்தால் அவரும் சேருவார். இறந்த மகனின் பங்கு பேரப்பிள்ளைகளுக்கு வரும், மருமகளுக்கு வராது. வீட்டை விற்கப் போகும்போது கொழுந்தனாரும் கையெழுத்துப் போட வேண்டியிருப்பது இதனால்தான்.

எனவே மாமியார் இருக்கும்போதே, அவர் மனமுவந்து சம்மதித்தால், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்துவிடுவது நல்லது. வெள்ளைத்தாளில் எழுதிய சம்மதக் கடிதம் செல்லாது. முதலில் இறப்புச் சான்று, பிறகு இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம். சான்று வந்ததும் மாமியார் பேர் இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போன சான்றை வைத்துப் பட்டா மாற்றினாலும் அவர் பங்கு அழியாது. பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால், அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அம்மாவின் கையெழுத்து மட்டும் போதாது.

ஏற்காட்டில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு வேறு: இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இருந்தால் அம்மாவுக்குப் பங்கில்லை.

இருவர் பேரிலும் உள்ள வங்கிக் கணக்கில் 'யாராவது ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்று இருந்தால், இறப்புச் சான்றைக் கொடுத்துவிட்டு மனைவியே பணம் எடுக்கலாம். நாமினி, இருவரும் இறந்தபின் தான் வருவார். ஆனால் வங்கி பணம் கொடுத்துத் தன் கடமையை முடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கணவர் போட்ட பணத்தில் மற்ற வாரிசுகளுக்கு உள்ள உரிமை போய்விடாது. 'இருவரும் சேர்ந்தே' என்று இருந்தாலோ, மனைவி தனியாக எடுக்க முடியாது. பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் எது இருக்கிறது என்று இப்போதே பார்த்து, வேண்டுமானால் இருவரும் கிளைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம்.