மூலம் என்று சொல்லி எதை வெட்டினார்கள்?

பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த அந்த அக்கா நாற்காலியில் உட்காரவே இல்லை. இரண்டு மூன்று முறை சொன்ன பிறகு நுனியில் உட்கார்ந்தார். பரிசோதனைக்கு எழுந்தபோது முந்தானையால் இருக்கையை ஒரு துடை துடைத்துவிட்டு, துணியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பாதி நோய் எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

"மூலம் மறுபடி வந்துடுச்சு மேடம். எப்பவும் ஈரமாவே இருக்கு" என்றார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வயது 46. ஒரு வருடத்துக்கு முன்னால் வெளிக்குப் போகும்போது பிளேடால் கீறுவது போல வலி, இரண்டு சொட்டு ரத்தம். 'மூலம், பௌத்திரம்' என்று பலகை வைத்திருந்த ஓர் இடத்துக்குப் போயிருக்கிறார். மயக்கம் கொடுத்து, விரலால் நன்றாக விரித்துவிட்டு, 'கட்டியை' வெட்டி எடுத்தார்களாம். கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. வலி போனது. இரண்டு மாதம் கழித்து, தனக்கே தெரியாமல் மலம் கசிய ஆரம்பித்தது.

பிளேடு போல வலித்தது என்று சொன்ன இடத்திலேயே யாராவது ஒரு கணம் நின்றிருக்க வேண்டும். உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது, ரத்தம் மட்டும் போகும். மலம் போகும்போது கிழிகிற மாதிரி வலித்து, அப்புறம் ஒரு மணி நேரம் எரிந்தால் அது ஆசனவாய் வெடிப்பு. நம் ஊரில் வெடிப்பு, பௌத்திரம், சீழ்க்கட்டி, வெறும் அரிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், மூலம். பெயர் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும், வைத்தியமும் ஒன்றாக இருப்பதுதான் பிரச்சினை.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இன்னொன்று. மூலம் என்பது உடம்பில் வேண்டாமல் முளைத்த கட்டி, வேரோடு பிடுங்கினால்தான் நிம்மதி என்ற எண்ணம். அது கட்டி இல்லை. ஆசனவாய்க்கு உள்ளே ரத்தக்குழாய் நிறைந்த மூன்று மெத்தைகள் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. குழாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் வாஷர் இல்லாவிட்டால் சொட்டும் அல்லவா? அந்த வாஷர் வேலையைத்தான் இந்த மெத்தைகள் செய்கின்றன. வருகிறது காற்றா, நீரா என்று உணர்ந்து சொல்லும் நரம்புகளும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. மெத்தை வீங்கிக் கீழே இறங்கினால்தான் நாம் மூலம் என்கிறோம். இறங்கியதைச் சரிசெய்ய வேண்டும், உண்மை. ஆனால் 'ஒண்ணு விடாம சுத்தமா எடுத்துடுங்க டாக்டர்' என்று யாராவது கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சுத்தமாக எடுத்தால் ஒன்று வாசல் சுருங்கும், இல்லையென்றால் ஒழுகும்.

விரித்துவிடுவது அதைவிட மோசம். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் பீட்டர் லார்ட் என்ற அறுவை மருத்துவர் மூலத்துக்கு இதையே சிகிச்சையாகச் சொன்னார், கொஞ்ச காலம் பலரும் செய்தார்கள். பிறகு நோயாளிகளுக்கு மலக்கசிவு வருவதைப் பார்த்துப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். எங்கே கிழிகிறது, எவ்வளவு கிழிகிறது என்று விரிப்பவருக்கே தெரியாது.

ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் இருக்கின்றன. உள்வளையம் நாம் தூங்கும்போதும் தானாக மூடியிருக்கும். வெளிவளையம் நாமாக இறுக்கி அடக்குவது. இதை வைத்தே எது பழுது என்று ஓரளவு சொல்லிவிடலாம். தெரியாமலே துணியில் கறை படிந்தால் உள்வளையம். வருவது தெரிந்தும் கழிவறை வரை தாங்காவிட்டால் வெளிவளையம். அக்காவுக்கு இரண்டும் இருந்தன.

விரலால் சோதித்தபோது முன்பக்கம் தசை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். அந்தப் பள்ளம் போன வருட ஆபரேஷனில் வந்த மாதிரி தெரியவில்லை. "முதல் பிரசவம் எப்படிக்கா?" என்று கேட்டேன். "ஆயுதம் போட்டு எடுத்தாங்க. நிறைய தையல். ரெண்டு மாசம் காத்து அடக்க முடியல, அப்புறம் சரியாயிடுச்சு."

சரியாகவில்லை. முதல் பிரசவம், ஆயுதம், பெரிய குழந்தை, இவை சேரும்போது கிழிசல் சில சமயம் மலவாய்த் தசை வரைக்கும் போகும். மேல்தோலை மட்டும் தைத்தால் வெளியே அழகாக ஆறிவிடும், உள்ளே தசையின் இரண்டு முனையும் விலகியே நிற்கும். இளம் வயதில் மீதித் தசை சமாளித்துவிடும். 22 வருடம் சமாளித்தது. மாதவிலக்கு நிற்கும் வயதில் தசை தளர்கிற நேரம் பார்த்து, மிச்சமிருந்த உள்வளையத்தையும் கிழித்துவிட்டார்கள். பெங்களூருவில் எடுத்த ஆசனவாய் ஸ்கேன் இரண்டு காயத்தையும் தனித்தனியாகக் காட்டியது. பழையது முன்பக்கம் வெளிவளையத்தில், புதியது உள்வளையத்தில் இரண்டு இடத்தில்.

உள்வளையத்தைத் திரும்பத் தைத்துச் சரிசெய்வது பெரும்பாலும் பலிப்பதில்லை. வெளிவளையத்தை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைக்கலாம், முதலில் நன்றாக இருக்கும், வருடங்கள் போகப் போக அந்தப் பலன் குறையும். அதனால் உடனே கத்தியைத் தொடவில்லை. மலம் கெட்டியாக வர இசப்கோல், குறைந்த தண்ணீரில் கலந்து. குடல் ஓட்டத்தை மெதுவாக்க, அளவு பார்த்து லோபரமைடு மாத்திரை. காலையில் காபி வேண்டாம், அது குடலைத் தூண்டும். அப்புறம் பயிற்சி. காற்றை அடக்குவது போல ஆசனவாயை உள்ளிழுத்து ஐந்து எண்ணும் வரை பிடித்து, விட வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். தொடையையும் வயிற்றையும் இறுக்கினால் பயிற்சி வீண்.

ஆபரேஷனுக்குப் போகிறவர்களே, தயவுசெய்து கேளுங்கள். எனக்கு இருப்பது மூலமா, வெடிப்பா? மூலம் என்றால் எந்த நிலை? முதல் இரண்டு நிலைக்கு நார்ச்சத்து, முக்காமல் போவது, தேவைப்பட்டால் வீங்கிய மெத்தையின் அடியில் ரப்பர் வளையம் போடுவது, பெரும்பாலும் இவ்வளவு போதும். வெடிப்புக்கு வெந்நீரில் உட்காருவதும் டில்டியசெம் களிம்பும் ஆறு முதல் எட்டு வாரம். வெடிப்புக்காகத் தசையை வெட்ட வேண்டும் என்றால், பிரசவம் ஆன பெண்ணுக்குத் தசையின் பலத்தைப் பார்க்காமல் வெட்டக் கூடாது. பிரசவத்தில் தையல் போட்டதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முறையான ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் சளி போல ஈரம் இருப்பது சகஜம், பதற வேண்டாம். புண் ஆறிய பிறகும், அதாவது ஆறு எட்டு வாரம் தாண்டியும் ஈரம் நிற்காவிட்டால் வாருங்கள்.

பிரசவ அறையில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தையல் போடும் முன் ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்த்துவிடுங்கள், அரை நிமிட வேலை. தசை கிழிந்திருந்தால் லேபர் டேபிளிலேயே அவசரமாக முடிக்காமல், நல்ல வெளிச்சமும் மயக்கமும் இருக்கும் தியேட்டருக்கு அனுப்புங்கள். அப்படித் தைத்த பெண் முதல் இரண்டு வாரம் மலம் இளக மருந்து எடுக்க வேண்டும், அடுத்த குழந்தைக்கு முன் ஆலோசனை கேட்க வேண்டும். பெற்ற பெண் காற்று அடக்க முடியவில்லை என்று சொன்னால், 'பிள்ளை பெத்தா அப்படித்தான்' என்று மாமியாரும் சொல்லாதீர்கள், நாமும் சொல்ல வேண்டாம்.

நான்கு மாதம் கழித்து அக்கா வந்தார். கசிவு தினமும் என்பது போய் வாரத்துக்கு ஒரு முறை என்று குறைந்திருக்கிறது. ஒரு வருடமாகத் தள்ளிப்போட்ட ஓசூர் மகள் வீட்டுக்குப் பஸ்ஸில் போய் வந்தாராம். பையில் மாற்றுப் புடவை இருந்தது, பிரிக்கவில்லை என்றார். சொல்லும்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.