7 வருஷம் கழிச்சு 20 லட்சம் கட்டணும்னா 7 வருஷ பாண்ட் வாங்காதீங்க

பாகப்பிரிவினையில தங்கச்சி பங்குக்கு 7 வருஷம் கழிச்சு 20 லட்சம் தர்றேன்னு எழுதிக் கொடுத்த ஒருத்தர் எங்கிட்ட வந்தார். தொகையும் மாறாது, தேதியும் மாறாது. கையில 12.45 லட்சம் இருந்துச்சு, 7% வட்டியில போட்டா கிட்டத்தட்ட 20 லட்சம் ஆயிடும், அதனால 7 வருஷ கவர்மென்ட் பாண்ட் வாங்கிடலாம்னார். நிறைய பேர் இப்படித்தான் செய்றாங்க, தப்பு நடக்குறதும் இங்கதான்.

ஏன்னா அந்தக் கணக்குல வருஷா வருஷம் வட்டியா வர்ற கூப்பனையும் திரும்ப 7%லயே போடுவோம்னு ஒரு நினைப்பு ஒளிஞ்சிருக்கு. வாங்கின மறுநாளே ரேட் 6% ஆனா கூப்பன் காசு குறைவா வளரும், கடைசியில கிட்டத்தட்ட 23,000 துண்டு விழும். சரி, 15 வருஷ பாண்ட் வாங்கினா? ரேட் 8%க்கு ஏறினா 7வது வருஷம் விக்கிறப்போ விலை அடிவாங்கி, கிட்டத்தட்ட 48,000 குறையும்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. கூப்பனும் அசலும் சராசரியா எத்தனை வருஷத்துல கைக்கு வருது, ஒவ்வொண்ணோட இன்னைய மதிப்பையும் வெயிட்டா வச்சுப் பாத்தா வர்றதுதான் டியூரேஷன். கூப்பனும், மார்க்கெட் விலைக்கு வாங்கினா கிடைக்குற வட்டியான ஈல்டும் 7%ஆ இருக்குற 9 வருஷ பாண்டுக்கு அது 6.97 வருஷம் (கூப்பன் வருஷத்துக்கு ஒருதடவைன்னு வச்சிருக்கேன், நம்ம கவர்மென்ட் பாண்டான ஜி-செக்ல அரை வருஷத்துக்கு ஒருதடவை வரும், அப்போ 6.83). நம்ம 7 வருஷத்தோட ஒத்துப்போற அந்த பாண்டை வாங்கி 7 வருஷத்துல வித்தா, ரேட் 6% ஆனா கூப்பன்ல நஷ்டம் ஆனா மீதி 2 வருஷ பாண்ட் 100 ரூபாய்க்கு 101.83ன்னு போகும், 8% ஆனா விலை 98.22 ஆனா கூப்பன் நல்லா வளந்திருக்கும், ரெண்டு பக்கமும் கையில நிக்கிறது 20 லட்சம்தான். இங்கிலாந்து ஆக்சுவரி ஃபிராங்க் ரெடிங்டன் 1952ல இம்யூனைசேஷன்னு சொன்னதோட அடிப்படை இதுதான்.

வாங்கிப் போட்டுட்டு மறந்துடலாம்னு நினைச்சா மாட்டிக்குவீங்க. ஒரு வருஷம் கழிச்சு பாக்கி 6 வருஷம், ஆனா பாண்டோட டியூரேஷன் 6.39லதான் நிக்கும், ஒரு வருஷம் முழுசா குறையாது. வந்த கூப்பனை ஷார்ட் டெர்ம்ல வச்சிருந்தா மொத்தத்துக்கு 5.97 வரும், பொருந்திடும், அதே பாண்டை திரும்ப வாங்கினா நீளமாயிடும். ரேட் நகர நகர இந்தப் பொருத்தம் கலையும், அதனால கூப்பன் வர்றப்போ எல்லாம் கணக்கு போட்டுப் பாக்கணும்.

3 வருஷ பாண்டும் 15 வருஷ பாண்டும் கலந்து சராசரி டியூரேஷன் 7 வரவச்சுக்கலாமேன்னு கேப்பாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். எல்லா ரேட்டும் ஒண்ணா ஏறி இறங்கினாதான் அது நிக்கும், குறுகிய ரேட் இறங்கி நீண்ட ரேட் மட்டும் ஏறினா ரெண்டு பக்கமும் அடி. ஒவ்வொண்ணோட டியூரேஷனும் கட்டுற தேதிக்கு ஒட்டினாப்ல இருக்குற பாண்டுகளா எடுங்க, அதே தேதிக்கு மொத்தமா ஒரே தடவை பணம் தர்ற ஸ்ட்ரிப்ஸ் கிடைச்சா இன்னும் நல்லது, கூப்பனே இல்லாததால திரும்பப் போடுற பிரச்சனையே கிடையாது.

இன்னொண்ணு, மேல போட்ட கணக்குல வரி இல்ல. கூப்பனுக்கு உங்க ஸ்லாப்ல வரி போகும், அதையும் சேத்து ஆரம்பத்துலயே 12.45க்கு மேல ஒதுக்கணும்.