சித்தி கொண்டு வந்த போனும் குவைத்திலேயே கிழித்துப் போட்ட பில்லும்

ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்து பதினான்கு வருஷமாகிறது. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் லீவில் வந்து போகும் காலம் முடிந்து சில மாதம் கழித்து, ஒரே மாதிரியான போன்கள் மேசைக்கு வரத் தொடங்கும். பார்த்தால் புத்தம் புதிது. ஆனால் பெட்டி இருக்காது, பில்லும் இருக்காது. போன வருஷம் நோர்வூட் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த பையனுடைய போனும் அப்படித்தான். திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு.

"கீழ விழுந்துச்சா தம்பி?"

"இல்லண்ணே, காலையில எந்திரிச்சுப் பாக்குறேன், கோடு விழுந்து கிடக்கு. குவைத்துல இருந்து சித்தி கொண்டாந்து குடுத்தது. நாலு மாசந்தான் ஆகுது."

போனின் விளிம்பில் கீறல் இல்லை, கண்ணாடியில் வெடிப்பில்லை. சிம் தட்டை இழுத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் ஈரம் காட்டும் சின்ன ஸ்டிக்கர் வெள்ளையாகவே இருந்தது. தண்ணீர் பட்டிருந்தால் அது சிவந்திருக்கும். ஆக, இது பாவித்தவர் பிழை இல்லை. வாரண்டியில் இலவசமாகத் திரை மாற்ற வேண்டிய கேஸ். பில் கேட்டேன். எயார்போர்ட்டில் வரி போடுவார்கள் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னதால், சித்தி பில்லைக் கிழித்துப் போட்டு, பெட்டியையும் அங்கேயே வீசிவிட்டு வந்திருக்கிறார். பழைய போன் மாதிரித் தெரிய வேண்டும் என்று, வாங்கிய கடைப் பையனிடமே ஒரு ஜிமெயில் திறந்து போனில் போடச் சொல்லியிருக்கிறார்.

முதலில் அந்த வரிப் பயத்தைப் பார்ப்போம். கட்டுநாயக்க எயார்போர்ட்டில் இறங்குகிறவருக்குத் தீர்வையில்லாமல் கொண்டு வரக்கூடிய ஒரு பெறுமதி உண்டு. அது எல்லோருக்கும் ஒன்றல்ல. எவ்வளவு காலம் வெளிநாட்டில் இருந்தார் என்பதைப் பொறுத்தது. ஒரு வாரம் இந்தியா போய் வந்தவருக்குக் குறைவு, இரண்டு வருஷம் வேலை செய்துவிட்டு வருகிறவருக்குக் கூட. கொண்டு வருவது அந்த வரம்புக்குள் இருந்தால் பச்சை வழி, மேலே போனால் சிவப்பு வழியில் போய்ச் சொல்ல வேண்டும். சித்தி இரண்டு வருஷம் முடித்து வந்தவர். அக்கா மகனுக்கு என்று நடுத்தர விலையில் ஒரேயொரு போன். கையில் பில் இருந்தால் அது எவ்வளவு பெறுமதி என்று ஒரு நிமிஷத்தில் காட்டிவிடலாம். பில் இல்லாவிட்டால் பெறுமதியை மதிப்பிடுவது சுங்க அதிகாரிதான். அவருடைய கணக்கு நம்முடைய கணக்கைவிடக் கூடினால், மறுத்துக் காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்காது. ஒரே மாடலில் நாலைந்து போன் கொண்டு வந்தால் கதையே வேறு. அதைப் பரிசு என்று யாரும் நம்ப மாட்டார்கள். வரி வந்தாலும், கட்டிய சுங்கப் பற்றுச்சீட்டு அந்தப் போன் நேர்மையாக நாட்டுக்குள் வந்தது என்பதற்கு எழுத்தில் உள்ள சாட்சி. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம், கைபேசிகளுக்கும் அது உண்டு என்பதால், அந்தச் சீட்டைக் குப்பையில் போடுவது காசையே போடுவது மாதிரி.

சரி, பில் இல்லாத போனுக்கு என்ன வழி? பையன் ஏற்கெனவே கண்டிக்குப் போய் அந்த பிராண்டின் சேவை நிலையத்தில் காட்டியிருக்கிறான். அவர்கள் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்து, "இது வளைகுடா சந்தைக்குப் போன போன், இங்கே வாரண்டி இல்லை" என்றிருக்கிறார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று அவனுக்குக் கோபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன்களின் வாரண்டி பெரும்பாலும் விற்ற நாட்டோடு கட்டுப்பட்டது. ஐபோன் வாரண்டியின் நிபந்தனையிலேயே, முதலில் விற்கப்பட்ட நாட்டுக்குள் மட்டும் சேவையை மட்டுப்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறது. 'ஒரு வருஷ வாரண்டி' என்று பெட்டியில் இருப்பதை உலகம் முழுக்கச் செல்லும் என்று நாம்தான் படித்துக்கொள்கிறோம். இலவசமாகச் செய்யக்கூடிய இடம் குவைத். அங்கே கேட்பது பில்.

இன்னொரு விஷயம், வாரண்டி ஓடத் தொடங்குவது பரிசு கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து. சித்தி சம்பளம் கிடைத்த மாதத்தில் சலுகை விலைக்கு வாங்கி, லீவு வரும் வரை ஐந்து மாதம் சூட்கேசில் பத்திரமாக வைத்திருந்தார். பையனிடம் நாலு மாதம். ஆக ஒன்பது மாதம் போய்விட்டது, மிச்சம் மூன்று. "நாலு மாசந்தான்" என்று அவன் சொன்ன கணக்கு கடைக்காரனுக்குச் செல்லாது.

நல்ல காலம், போன் வாங்கிய அன்று சந்தோஷத்தில் சித்தி பெட்டியையும் பில்லையும் கட்டிலில் வைத்துப் படம் எடுத்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பழைய மெசேஜ்களைத் தோண்டச் சொன்னேன். கிடைத்தது. பில் எண், தேதி, கடைப் பெயர் எல்லாம் வாசிக்க முடிந்தது. பெட்டியின் ஓரத்தில் இருந்த ஐஎம்இஐ எண்ணும் தெளிவு. போனில் `*#06#` அடித்து வந்த எண்ணோடு ஒப்பிட்டேன், பொருந்தியது. சித்தியோடு வேலை செய்த ஓர் அக்கா லீவு முடிந்து திரும்புவதாக இருந்ததால், அவர் கையிலேயே போனைக் கொடுத்தனுப்பலாம் என்றேன். பார்சலில் அனுப்பினால், திருத்தித் திரும்பி வரும்போது புதிதாக இறக்குமதியான பொருள் என்று வரி விழக்கூடும். நம் போன்தான் வெளியே போய் வந்தது என்று காட்ட அனுப்பிய சீட்டு வேண்டும். கையில் கொண்டுபோய்க் கையில் கொண்டுவருவது எளிது.

அனுப்புவதற்கு முன் அவனுடைய படங்களை எடுத்துவிட்டு போனை வெறுமையாக்க நினைத்தோம். அப்போதுதான் அந்தக் கடைப் பையனின் ஜிமெயில் நினைவுக்கு வந்தது. அதன் பாஸ்வேர்ட் சித்திக்கும் தெரியாது. அதை எடுக்காமல், பட்டன்களை அழுத்தித் திறக்கும் ரிக்கவரி வழியாக அழித்திருந்தால், போன் மறுபடி திறக்கும்போது அதே கணக்கைக் கேட்டு நின்றிருக்கும். போன் திறந்த நிலையில் இருந்ததால், செட்டிங்ஸுக்குள் போய், திரைப் பூட்டின் எண்ணைப் போட்டு முதலில் கணக்கை நீக்கினோம், அப்புறம் அழித்தோம். வேறொருவருடைய கணக்கு உள்ள போனைப் பரிசாக வாங்குவதைவிட, உறை கிழிக்காத போனே மேல்.

இலங்கையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவில்லாத கருவிகள் 2025 ஜனவரி 28க்குப் பிறகு உள்ளூர் வலையமைப்பில் இயங்காது என்றும், அதற்கு முன்பே பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. போனின் நிலையைப் பார்க்க `IMEI` என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணைப் போட்டு 1909க்கு குறுஞ்செய்தி அனுப்பினால் பதில் வரும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண், இரண்டையும் பாருங்கள். பதிவில்லை என்று வந்தால் ஆணைக்குழுவிடம் போக வேண்டியதுதான். அப்போதும் பில்லும், கொண்டு வந்தவரின் கடவுச்சீட்டில் வருகை முத்திரை விழுந்த பக்கத்தின் பிரதியும் கையில் இருந்தால் பேச்சு சுருங்கும்.

ஐபோன் 17 வாங்கித் தரச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குவைத், சவூதி, கட்டார், அமீரகம் போன்ற வளைகுடா நாடுகளில் விற்கும் அந்த மாடலில் சிம் அட்டை போடும் இடமே இல்லை, ஈசிம் மட்டும்தான். இருக்கிற சிம்மை ஈசிம்மாக மாற்றிக்கொண்டுதான் பாவிக்க முடியும்.

பையனின் போன் இரண்டு மாதத்துக்குப் பிறகு புதுத் திரையோடு வந்து சேர்ந்தது. வேலைத் தாளையும் கடைக்காரர் கூடவே வைத்திருந்தார். அதைப் படம் எடுத்துத் தன் பெயரில் திறந்த ஜிமெயிலுக்கு அவனே அனுப்பிக்கொண்டான், நான் சொல்லாமலே.