மங்கிய படத்திலிருந்து மலிவான மரம்

பலகையில் வரைந்த ஒரு வலையமைப்பைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ஏழு ஊர்கள் ஏழு புள்ளிகளாக இருக்கின்றன. அவற்றுக்கு க, ச, ட, த, ப, ம, ய என்று பெயர். ஊர்களுக்கு இடையே பதினொரு கோடுகள் ஓடுகின்றன. ஒவ்வொரு கோட்டின் மீதும் அந்த வழியில் கேபிள் போடுவதற்கு ஆகும் செலவு எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. எந்த ஊரும் விடுபடாமல், எல்லா ஊர்களும் நேராகவோ வேறு ஊர்கள் வழியாகவோ இணைந்திருக்கும்படி, எந்தெந்தக் கோடுகளில் கேபிள் போட்டால் மொத்தச் செலவு மிகக் குறையும் என்பதே கேள்வி.

படத்திலிருந்து முதலில் எண்களைத் தாளுக்கு மாற்ற வேண்டும். பெரும்பாலான பிழைகள் கணக்கில் அல்ல, இந்த இடத்தில்தான் நேர்கின்றன. நம் படத்தில் இருப்பவை இவை: க–ச 14, க–ட 9, ச–ட 11, ச–த 6, ட–த 17, ட–ப 12, த–ப 10, த–ம 19, ப–ம 8, ப–ய 16, ம–ய 13. கோடு எதுவும் விடுபட்டதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. பட்டியலைப் பார்க்காமல், படத்தில் ஒவ்வொரு புள்ளியையும் எத்தனை கோடுகள் தொடுகின்றன என்று தனித்தனியே எண்ண வேண்டும். இங்கே க முதல் ய வரை அவை 2, 3, 4, 4, 4, 3, 2, கூட்டினால் 22. ஒவ்வொரு கோடும் இரு முனைகளிலும் எண்ணப்படுவதால், கோடுகளின் எண்ணிக்கை அதில் பாதியாகிய 11 ஆக இருந்தாக வேண்டும்.

வேறு இரண்டு எச்சரிக்கைகளும் தேவை. த–ம கோடும் ப–ய கோடும் படத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. வெட்டும் இடத்தில் புள்ளி இல்லாததால் அங்கே ஊரும் இல்லை, இணைப்பும் இல்லை. அதைச் சந்திப்பாக எடுத்துக்கொண்டால் இல்லாத எட்டாவது ஊர் ஒன்று கணக்கில் நுழைந்துவிடும். அடுத்தது, கோட்டின் நீளத்தைக் கண்ணால் நம்பக் கூடாது. சாய்வாக எடுத்த படத்தில் அருகிலுள்ள கோடு நீண்டும் தொலைவிலுள்ளது குறுகியும் தெரியும். அளவுகோல் வைத்து வரையாத படத்தில் நீளத்துக்குப் பொருளே இல்லை. எண் மட்டுமே செலவு.

ஏழு ஊர்களை இணைக்க ஆறு கேபிள்கள் போதும். ஐந்து இருந்தால் ஊர்கள் குறைந்தது இரண்டு துண்டுகளாகப் பிரிந்து நிற்கும். ஏழு இருந்தால் எங்கோ ஒரு சுற்று உருவாகியிருக்கும், சுற்றில் உள்ள ஒரு கேபிளை எடுத்துவிட்டாலும் எந்த ஊரும் துண்டிக்கப்படாது. இப்படிச் சுற்று இல்லாமல் எல்லாப் புள்ளிகளையும் இணைக்கும் அமைப்பை, புள்ளிகளும் கோடுகளுமான வலையமைப்புகளை ஆராயும் கணிதப் பிரிவாகிய கோட்டுருவியலில் மரம் என்கிறார்கள். பதினொன்றிலிருந்து ஆறைத் தேர்ந்தெடுக்க 462 வழிகள் உண்டு; அவை அனைத்தையும் கூட்டிப் பார்க்கத் தேவையில்லை. அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோசப் குரஸ்கல் 1956இல் வெளியிட்ட வழிமுறை, பேராசை வழிமுறை என்ற பெயருக்கு ஏற்றது: கோடுகளை மலிவானதிலிருந்து விலை கூடியது வரை வரிசைப்படுத்தி, வரிசைப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டும், எடுத்தால் சுற்று உருவாகும் என்றால் மட்டும் அந்தக் கோட்டை விட்டுவிட வேண்டும். ஒருமுறை எடுத்ததைத் திரும்பக் கொடுப்பதில்லை, விட்டதைத் திரும்பப் பார்ப்பதுமில்லை.

நம் படத்தில் முதலில் வருவது ச–த 6. அடுத்து ப–ம 8, அடுத்து க–ட 9. இப்போது மூன்று இணைகள் இருக்கின்றன. ய மட்டும் தனியாக நிற்கிறது. அடுத்த கோடு த–ப 10, முதல் இரண்டு இணைகளையும் சேர்த்து நான்கு ஊர்களின் கூட்டமாக்குகிறது. ச–ட 11 அந்தக் கூட்டத்துடன் க, ட இரண்டையும் சேர்க்கிறது. இதோடு ஐந்து கேபிள்கள் ஆகிவிட்டன, ஆறு ஊர்கள் ஒன்றாகிவிட்டன. அடுத்து வருவது ட–ப 12. ட–விலிருந்து ச, த வழியாக ஏற்கெனவே ப–வுக்குப் போக முடிகிறது. எனவே இந்தக் கோட்டை எடுத்தால் ட–ச–த–ப–ட என்று சுற்று உருவாகும். அதை விட்டுவிடுகிறோம். பிறகு ம–ய 13 கடைசி ஊரை இணைக்கிறது. மொத்தம் 6 + 8 + 9 + 10 + 11 + 13 = 57.

சுற்று விதியைக் கவனிக்காமல், மலிவான ஆறு கோடுகளை அப்படியே எடுத்திருந்தால் கூட்டுத்தொகை 56 ஆகியிருக்கும். ஒன்று மிச்சம் என்று தோன்றும். ஆனால் ய என்ற ஊருக்குக் கேபிளே போயிருக்காது. விடைத்தாளில் 57க்குக் குறைவான எண்ணைக் கண்டால், முதலில் தேட வேண்டியது விடுபட்ட ஊரைத்தான்.

ஒவ்வொரு படியிலும் கண்முன் இருக்கும் மலிவானதைப் பிடுங்கிக்கொள்வது கடைசியில் நஷ்டத்தில் முடியாதா என்ற ஐயம் நியாயமானது. பல கணக்குகளில் அப்படித்தான் முடியும். இங்கே முடியாததற்குக் காரணத்தை த–ப 10 எடுக்கப்பட்ட கணத்தில் நின்று பார்க்கலாம். அப்போது ச, த இரண்டும் ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்திலிருந்து வெளியே செல்லும் கோடுகளின் செலவு 14, 11, 17, 10, 19. யார் எந்த வலையமைப்பைப் போட்டாலும் இவற்றில் ஒன்றாவது இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கூட்டம் உலகத்திலிருந்து துண்டிக்கப்படும். ஒருவர் 10ஐ எடுக்காமல் வேறொரு திட்டம் கொண்டுவருகிறார் என்போம். அவருடைய திட்டத்தில் 10ஐச் சேர்த்தால் ஒரு சுற்று உண்டாகும். கூட்டத்தை விட்டு 10 வழியாக வெளியேறும் அந்தச் சுற்று, வேறொரு கோட்டின் வழியாகத்தான் கூட்டத்துக்குள் திரும்ப முடியும். திரும்பும் கோட்டின் செலவு 11 அல்லது அதற்கு மேல். அதை நீக்கிவிட்டால் எல்லா ஊர்களும் இணைந்தே இருக்கும், செலவு குறையும். ஆகவே 10 இல்லாத எந்தத் திட்டமும் மலிவானதாக இருக்க முடியாது. இதே வாதம் எடுக்கப்பட்ட ஒவ்வொரு கோட்டுக்கும் பொருந்தும்.

ஏழு ஊர்கள் என்றால் சுற்று கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆயிரம் ஊர்கள் என்றால் தெரியாது. அப்போது ஒவ்வொரு ஊருக்கும் அது சார்ந்த கூட்டத்தின் பெயரை எழுதி வைத்தால் போதும். ஒரு கோட்டின் இரு முனைகளிலும் ஒரே கூட்டப் பெயர் இருந்தால் அது சுற்றை உண்டாக்கும் கோடு. வெவ்வேறு பெயர் இருந்தால் கோட்டை எடுத்து, சிறிய கூட்டத்தின் ஊர்களுக்குப் பெரிய கூட்டத்தின் பெயரை மாற்றி எழுத வேண்டும். பெயர் மாறும்போதெல்லாம் அந்த ஊரின் கூட்டம் குறைந்தது இரட்டிப்பாகிறது என்பதால், ஆயிரம் ஊர்கள் இருந்தாலும் எந்த ஊரின் பெயரும் பத்து முறைகூட மாறாது.

இனி, படத்துக்குத் திரும்புவோம். இந்த வழிமுறை எண்களின் வரிசையை மட்டுமே பார்க்கிறது. ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரே அளவான பொருத்துச் செலவைக் கூட்டினாலும் வரிசை மாறாது, மரமும் மாறாது. ஆகையால் படத்தில் ஓர் எண் மங்கியிருந்தால், அதன் சரியான மதிப்பைத் தெரிந்துகொள்வதைவிட, அது எந்த எல்லையைத் தாண்டினால் மரம் மாறும் என்று தெரிந்துகொள்வதே பயனுள்ளது. அந்த எல்லையைக் கணக்கிட முடியும் என்பதுதான் இந்த வழிமுறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மரத்தில் இடம்பெறாத கோட்டுக்கு எல்லை இப்படி: அதன் இரு முனைகளையும் மரத்தின் வழியே இணைக்கும் பாதையில் உள்ள மிக விலை கூடிய கோடே எல்லை. ட–த 17ஐ எடுத்துக்கொண்டால், மரத்தில் அந்தப் பாதை ட–ச–த. அதில் பெரியது 11. அந்த 17ஐ 12 என்றோ 19 என்றோ தவறாகப் படித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் தாளின் மடிப்பில் 1 மறைந்து, அது 7 என்று தெரிந்தால் நிலைமை வேறு. வழிமுறை அதை இரண்டாவதாகவே எடுத்துக்கொள்ளும், ச–ட 11ஐச் சுற்று என்று தள்ளிவிடும், மொத்தம் 53 என்று காட்டும். கேபிள் போட்ட பிறகு உண்மைச் செலவு 63 ஆக வந்து நிற்கும்.

மரத்தில் இடம்பெற்ற கோட்டுக்கு எல்லை வேறு விதம்: அதை நீக்கினால் மரம் இரண்டாகப் பிரியும், பிரிந்த இரண்டையும் மீண்டும் இணைக்கும் மற்றக் கோடுகளில் மலிவானதே எல்லை. ச–த 6ஐ நீக்கினால் அடுத்த மலிவான இணைப்பு ட–ப 12. எனவே தலைகீழாகப் பிடித்த படத்தில் அந்த 6ஐ 9 என்று படித்தாலும் மரம் மாறாது; மொத்தத் தொகைதான் 3 கூடித் தெரியும். ப–ம 8க்கு எல்லை 16. அது மங்கியிருந்தாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ச–ட 11 மட்டும் அப்படியல்ல. அதை நீக்கினால் மாற்று ட–ப 12, இடைவெளி ஒன்றுதான். அந்த 11 உண்மையில் 14 ஆக இருந்தால் ட–ப உள்ளே வந்துவிடும், ச–ட வெளியேறும். படத்தைப் பெரிதாக்கி மீண்டும் பார்க்க வேண்டியவை இந்த இரண்டு எண்கள். இரண்டும் சமமாகவே இருந்தால் எதை எடுத்தாலும் சரி. மரங்கள் இரண்டு, செலவு ஒன்று.

57 என்ற விடைக்கு வரம்புகளும் உண்டு. கேபிள்கள் ஊர்களில் மட்டுமே சேரும் என்பது நம் நிபந்தனை. நடுவெளியில் சந்திப்பு வைக்கலாம் என்றால் கணக்கே வேறு: பக்கம் 100 கி.மீ. உள்ள சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளை இணைக்க மரத்துக்கு 200 கி.மீ. தேவைப்படும், மையத்தில் ஒரு சந்திப்பு வைத்தால் ஏறக்குறைய 173 கி.மீ. போதும். அந்தச் சந்திப்புகளை எங்கே வைப்பது என்பதற்குப் பேராசை வழிமுறை உதவாது. மேலும், மலிவான மரம் குறுகிய பாதையைத் தருவதாக எண்ணிவிடக் கூடாது. ட–விலிருந்து ப–வுக்கு நேர்க் கோடு 12. மரத்தின் வழியே போனால் 27.

மரத்தில் எந்தக் கேபிள் அறுந்தாலும் வலையமைப்பு இரண்டாகிவிடும். த–ப அறுந்தால் ப, ம, ய மூன்றும் மற்ற நான்கிலிருந்து பிரியும். நாம் தள்ளிவிட்ட ட–ப 12ஐ விலை கொடுத்துச் சேர்த்தால் செலவு 69 ஆகும். ச, ட, த, ப நான்கும் ஒரு சுற்றில் அமைவதால், அந்தச் சுற்றில் எந்த ஒரு கேபிள் அறுந்தாலும் ஊர்கள் பிரியாது. க–ட, ப–ம, ம–ய ஆகிய மூன்றுக்கும் அந்தப் பாதுகாப்பு அப்போதும் கிடைக்காது. ய–வைக் காக்க ப–ய 16ஐயும், க–வைக் காக்க க–ச 14ஐயும் தனியாகச் சேர்க்க வேண்டும். அப்போது செலவு 99.