கொத்து ரொட்டியைக் கடைசி வரிசையில் வைக்கும் முன்

திருகோணமலையில் சிறு காணொளித் தயாரிப்பாளர்களுக்கு உரை எழுதிக் கொடுப்பதும், படத்தைத் தொகுத்துக் கொடுப்பதும் என் தொழில். கடந்த சில ஆண்டுகளாக என்னிடம் வருகிறவர்கள் அதிகம் கேட்பது, இளையோர் ‘டியர் லிஸ்ட்’ என்று சொல்லும் அடுக்குப் பட்டியலைத்தான். கணினி விளையாட்டுக்காரர்கள் தங்கள் கதாபாத்திரங்களை வலிமைப்படி அடுக்கிய பழக்கத்திலிருந்து வந்த வடிவம் இது. ‘ஏ’ வரிசைக்கும் மேலே ‘எஸ்’ என்றொரு வரிசை இருப்பது ஜப்பானிய மதிப்பீட்டு முறையின் மிச்சம். பார்ப்பதற்கு எளிது. பத்துப் படங்கள், நான்கைந்து வரிசைகள், ஒவ்வொன்றையும் எடுத்து ஓரிடத்தில் வைத்துவிட்டுக் காரணம் சொன்னால் முடிந்தது. ஆனால் அந்தக் காரணத்தை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான், பார்க்கிறவர்கள் சிரித்துக்கொண்டே மறுத்துப் பேசுவார்களா, மனம் நொந்து போவார்களா என்பது தீர்மானமாகிறது. அதை நான் கொஞ்சம் கசப்பாகவே கற்றுக்கொண்டேன்.

முதன்முதலில் நான் உரை எழுதிய பட்டியல், நகரத்தின் கொத்து ரொட்டிக் கடைகளைப் பெயர் சொல்லி அடுக்கியது. ஒரு கடையைக் கடைசி வரிசையில் வைத்து, ‘எண்ணெய் அதிகம், அவ்வளவுதான்’ என்று ஒரு வரியோடு முடித்திருந்தேன். இரண்டு கிழமை கழித்து அந்தக் கடைக்காரர் என்னைத் தெருவில் கண்டு, “தம்பி, நீங்கள் எந்த நாள் வந்து சாப்பிட்டீர்கள்?” என்று மட்டும் கேட்டார். ஒரே ஒரு நாள், அதுவும் மழை பெய்த இரவில், கடை பூட்டப் போகிற நேரத்தில் சாப்பிட்டிருந்தேன். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதிலும் இருக்கவில்லை. அன்றிலிருந்து கடைகளை அடுக்குவதில்லை என்று முடிவெடுத்தேன். உணவு வகைகளைத்தான் அடுக்குகிறேன். புட்டைக் கீழே இறக்கினால் புட்டு கடனுக்குள் விழாது, ஆனால் ஒரு சிறு கடை விழலாம்.

அண்மையில் செய்த ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு, அதன் உரை எப்படி உருவானது என்று காட்டுகிறேன். ‘எங்கள் ஊர்ச் சாப்பாடுகளில் எது சிறந்தது’ என்றுதான் தயாரிப்பாளர் கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே விட்டால் நடப்பது விருப்பங்களின் சண்டை. எனக்கு இடியப்பம் பிடிக்கும், உனக்குப் பிடிக்காது என்பதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. ஆகவே அளவுகோலை ஒரே வாக்கியமாக இறுக்கினோம்: ‘கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸுக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போக எது தோதானது?’ ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகப் போகும் அந்த நீண்ட பாதையில் பயணித்த எவரும் இதற்குத் தனியாக ஒரு பதில் வைத்திருப்பார். இரவு எட்டு மணிக்குக் கட்டி, ஒன்பதுக்கு ஏறி, ஹபரணைப் பக்கம் போகும்போது பொதியைப் பிரிப்பதாக நாமே ஒரு நேரக்கணக்கு வைத்துக்கொண்டோம். இந்த வாக்கியத்தைத் தொடக்கத்தில் சொல்லி, முடியும்வரை திரையின் மேல் மூலையில் எழுத்தாகவும் வைத்திருந்தோம். அப்படி வைக்காவிட்டால், நடுவில் வந்து பார்க்கிறவர் ‘கொத்து ரொட்டி கேவலமா?’ என்று கேட்பார். அவர் கேட்பதில் பிழையும் இல்லை.

அடுத்தது வரிசைகளின் பெயர். எஸ், ஏ, பி, சி என்ற எழுத்துகளை நான் பெரும்பாலும் எடுத்துவிடுகிறேன், ஏனென்றால் அவை பள்ளிக்கூட மதிப்பெண்ணை நினைவூட்டி, கடைசியில் விழுந்த பொருளைத் தோற்றதாகக் காட்டுகின்றன. இந்தப் பட்டியலில் நான்கே வரிசைகள்: ‘கண்ணை மூடிக் கட்டலாம்’, ‘கட்டலாம்’, ‘கிட்டப் பயணமென்றால் கட்டலாம்’, ‘வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்’. கடைசி வரிசையின் பெயரைப் பாருங்கள். அதில் விழுந்த உணவு மோசமானது என்று அது சொல்லவில்லை, பஸ்ஸுக்கு ஒத்துவராது என்றுதான் சொல்கிறது. நான்குக்கு மேல் வரிசை வைத்தால் கைபேசித் திரையில் எழுத்து வாசிக்க முடியாமல் போகும் என்பது இன்னொரு காரணம்.

இனித் தீர்ப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் இருபது முதல் இருபத்தைந்து விநாடிதான் ஒதுக்குகிறேன். என் அறிவிப்பாளர் பேசும் வேகத்தில் அது ஏறத்தாழ முப்பத்தைந்து சொல். அதற்குள் மூன்று வேலை நடக்க வேண்டும்: இடத்தைச் சொல்வது, அந்த இடத்துக்கான ஒரே ஒரு காரணத்தைச் சொல்வது, அந்தக் காரணம் எங்கே பொருந்தாது என்று ஒப்புக்கொள்வது. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கொத்து ரொட்டிக்கு நான் எழுதிய முதல் வரைவு, ‘கடைசி வரிசை, ஆறினால் வாயில் வைக்க முடியாது’ என்று இருந்தது. திருத்திய பிறகு இப்படி வந்தது:

“கொத்து ரொட்டி, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். சுடச்சுட இதற்கு நிகர் இந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் பொதிக்குள் இரண்டு மணித்தியாலம் கிடந்தால் ரொட்டித் துண்டுகள் தங்கள் ஈரத்திலேயே ஊறிக் களியாகிவிடும். பஸ் நிலையத்தில் வாங்கி, வெளிக்கிட முன்னமே முடிக்கிறவருக்கு இந்தத் தீர்ப்புச் செல்லாது.”

கடைசி வாக்கியம் ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. மறுக்க விரும்புகிறவருக்கு நாமே முதல் அடி எடுத்துக் கொடுத்துவிட்டதால், ‘நீ சாப்பாடு அறியாதவன்’ என்று தொடங்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ‘நான் அப்படித்தான் செய்வேன், ஆகவே இரண்டாம் வரிசைக்கு ஏற்று’ என்று பேசுவார். பேச்சு உணவைப் பற்றியே நிற்கிறது.

ஒப்புக்கொள்ளும் வரியை நேர்மையாக எழுதினால் அது சில வேளை நம் தீர்ப்பையே கவிழ்த்துவிடும், அதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். புட்டை முதலில் மூன்றாம் வரிசையில் வைத்திருந்தோம்: உதிரும், வளைவில் பஸ் திரும்பும்போது மடியெல்லாம் கொட்டும், ஒரு கையால் சாப்பிட முடியாது. விதிவிலக்கை எழுத உட்கார்ந்தபோது, ‘வாழைப்பழம் போட்டுப் பிசைந்து உருண்டையாக்கிக் கட்டினால் உதிராது’ என்று வந்தது. அது விதிவிலக்கே அல்ல; எங்கள் வீடுகளில் பயணத்துக்குப் புட்டுக் கட்டுகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் கட்டுகிறார்கள். காரணத்தைவிட விதிவிலக்கு பலமாக இருந்தால் இடம் பிழை என்பது என் கணக்கு. புட்டை இரண்டாம் வரிசைக்கு ஏற்றிவிட்டு, தேங்காய்ப்பூ சேர்ந்திருப்பதால் புழுக்கமான இரவில் சீக்கிரம் வாடை வரும் என்பதை அதற்கு மேலே போகாததற்கான காரணமாக எழுதினோம். இடியப்பத்தை அதன் அருகிலேயே வைத்தோம், சொதி இல்லாமல். சொதிப் போத்தல் கவிழ்ந்த கதை எல்லார் வீட்டிலும் உண்டு என்பதால் அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை.

காரணம் உண்மையில் காரணம்தானா என்று பார்க்க ஒரு சோதனை செய்கிறேன். பொருளின் பெயரை மறைத்துவிட்டுக் காரணத்தை மட்டும் பக்கத்தில் இருக்கிறவரிடம் வாசிப்பேன். எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று அவரால் ஊகிக்க முடிந்தால் வரி தேறியது. ‘ருசி கொஞ்சம் குறைவு’, ‘எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது’ போன்றவை எந்தப் பொருளுக்கும் ஒட்டும், ஆகவே எதற்கும் காரணமாகாது. ‘வயிற்றுக்குக் கூடாது’ என்பதை வேறொரு காரணத்துக்காக வெட்டுகிறேன். நாங்கள் மருத்துவர்கள் அல்ல; அதோடு, உடல்நலத்தைக் காட்டிச் சொன்ன தீர்ப்பை மறுக்கத் துணிகிறவர் குறைவு என்பதால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சாப்பிடுகிறவரைக் குறிவைக்கும் வரிகளையும் வெட்டிவிடுகிறேன். ‘சோம்பேறிகள்தான் பாணும் சம்பலும் கட்டுவார்கள்’ என்று ஒரு வரைவில் இருந்தது, கேட்கச் சிரிப்பாகவும் இருந்தது. ஆனால் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து மீன் ஏலத்துக்குப் போய்விட்டு, பாணைப் பொதியில் வைத்துக்கொண்டு பயணம் ஏறுகிறவர்கள் நம் ஊரில்தான் இருக்கிறார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இந்த நகரத்தில் இன்னொரு கவனமும் வேண்டும்: இறைச்சி வகைகளை ஒன்றுக்கொன்று எதிராக அடுக்குவதும், ஒரு சமூகத்தின் பண்டிகைப் பலகாரத்தைக் கடைசியில் வைப்பதும் பகிடியாக நிற்காது. அளவுகோல் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், பார்க்கிறவர் அங்கே உணவைப் பார்க்க மாட்டார். அத்தகைய பொருள்களைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. சேர்த்து உச்சியில் வைத்துத் தப்பிப்பதும் ஒருவகைப் பொய்தான்.

சண்டை மூட்டுவதற்காகவே ஒன்றை வேண்டுமென்று தவறான இடத்தில் வைக்கச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. நான் எழுதுவதில்லை. பொய்யான இடத்துக்கு எழுதும் காரணம் அளவுகோலோடு ஒட்டாது, அது இரண்டே விநாடியில் தெரிந்துவிடும். அதன்பிறகு உண்மையாகச் சொன்ன மற்ற ஏழு தீர்ப்புகளையும் எவரும் நம்பமாட்டார்கள். உண்மையான கருத்து வேறுபாட்டுக்கு எட்டுப் பொருளில் இரண்டு போதும்.

அந்த இரண்டும் எங்கே வருகின்றன என்பதும் முக்கியம். எடுத்த எடுப்பில் கொத்து ரொட்டியை வைக்காமல், பெரும்பாலோர் தலையாட்டக்கூடிய பாணும் சம்பலும் முதலில் வந்து ‘கட்டலாம்’ வரிசையில் அமர்ந்தது. அந்த ஒன்றை வைத்துத்தான் மற்ற வரிசைகள் எவ்வளவு உயரம், எவ்வளவு தாழ்வு என்று பார்க்கிறவர் அளந்துகொள்கிறார். கொத்து மூன்றாவதாக வந்தது, புட்டு கடைசிக்கு முன்னதாக. இடத்தை முதலில் சொல்லிக் காரணத்தைப் பிறகு சொல்வது என் வழக்கம், ஏனென்றால் படம் வரிசையில் போய் அமர்ந்த கணத்திலேயே பார்க்கிறவர் மனத்துக்குள் மறுப்பைத் தொடங்கிவிடுகிறார், நம் காரணம் அந்த மறுப்பின் மீது போய் விழுகிறது. கடைசிப் பொருளுக்கு மட்டும் இதைத் திருப்பிக் காரணத்தை முன்னால் வைப்பேன். எல்லாம் முடிந்ததும் நிரம்பிய பலகையை ஐந்து விநாடி பேச்சில்லாமல் நிறுத்தி வைத்தோம், படம் பிடித்துத் தங்கள் வீட்டாருக்கு அனுப்ப விரும்புகிறவர்களுக்காக.

‘கண்ணை மூடிக் கட்டலாம்’ வரிசையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: ரொட்டியும் கட்டாச் சம்பலும். காய்ந்த மிளகாய், வெங்காயம், மாசி, தேசிக்காய்ப் புளி சேர்த்து இடித்த சம்பலில் தேங்காய் இல்லை, ஆகவே வாடை வராது. ரொட்டியை மடித்து ஒரு கையால் சாப்பிடலாம். இவ்வளவு தெளிவான தீர்ப்புக்கு விதிவிலக்கு எதற்கு என்று நினைத்து மூன்றாவது வரியை எழுதாமல் விட்டேன். கொத்துக்கும் புட்டுக்கும் வந்த மறுப்புகள் எல்லாம் பகிடியாகவே வந்தன. எரிச்சலோடு வந்தது இந்த ரொட்டிக்குத்தான்: ஆறின ரொட்டி தோல் மாதிரி விறைத்துவிடும், பல் இல்லாத கிழவி ஹபரணையில் என்ன செய்வாள் என்று என் பெரியம்மாவே தொலைபேசியில் கேட்டார். மாவைக் குழைக்கும்போது கொதிநீர் விட்டால் மெதுவாக இருக்கும் என்று அவரே சொல்லவும் செய்தார். அடுத்த பதிப்பில் அந்த இரண்டையும் இருபத்தெட்டு விநாடிக்குள் அடக்கினோம், ரொட்டி இன்னும் அதே வரிசையில்தான் இருக்கிறது.