பம்ப் இல்லாத காபி மேக்கர்: தாமதம், வழிதல், நீர்த்த டிகாஷன்

மின்சார டிரிப் காபி மேக்கருக்குள் பம்ப் எதுவும் கிடையாது. தொட்டியில் ஊற்றிய தண்ணீர் தானாகக் கீழே இறங்குகிறது. வழியில் ஒரு சிறிய ஒருவழி வால்வைக் கடந்து, குடுவை உட்காரும் சூட்டுத் தட்டுக்கு அடியில் வளைந்து கிடக்கும் அலுமினியக் குழாய்க்குள் போகிறது. குழாயோடு ஒட்டியபடி ஹீட்டர் இருக்கிறது. அங்கே தண்ணீர் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. வால்வு மூடிக்கொள்வதால் குமிழிகளால் தொட்டிப் பக்கம் திரும்ப முடியாது. அதனால் முன்னால் இருக்கும் வெந்நீரைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி, காபித் தூள் மீது கொட்டுகின்றன. அழுத்தம் குறைந்ததும் வால்வு திறந்து அடுத்த வாய்த் தண்ணீர் உள்ளே வருகிறது. கேட்கும் 'களக் களக்' சத்தம் இந்தச் சுற்றுதான். தண்ணீரையும் குடுவையையும் சூடாக்குவது அந்த ஒரே ஹீட்டர்.

ஆகவே தண்ணீர் எவ்வளவு வேகமாக மேலே வரும் என்பதை ஹீட்டரின் வாட் அளவும் தண்ணீரின் ஆரம்பச் சூடுமே தீர்மானிக்கின்றன. இதை நாமே கணக்கிடலாம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.2 ஜூல் வேண்டும். 28 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டரை 95 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 2,81,000 ஜூல். 900 வாட் மெஷின் ஒரு நொடிக்கு 900 ஜூல் தரும். அப்படியானால் ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். குழாய் சூடாவது, ஆவியாகப் போவது எல்லாம் சேர்த்து ஆறு, ஏழு நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வாட் எவ்வளவு என்று பார்த்து இதே கணக்கைப் போடுங்கள். பிறகு தூள் போடாமல், பேப்பரும் வைக்காமல், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரை ஓட்டி நேரம் பாருங்கள். நேரம் கணக்கோடு ஒத்துப்போனால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு தூளிலோ வடிகட்டும் கூடையிலோ. கணக்கைப்போல் இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் கோளாறு குழாயில்.

குழாயில் கோளாறு என்றால் பெரும்பாலும் உப்புப் படிவுதான். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கால்சியம் கார்பனேட்டாக மாறி வெள்ளையாகப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பார்க்கிறோமே, அதே படிவு. குழாய் குறுகிப்போவது ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிட முக்கியமான இன்னொன்று நடக்கிறது. இந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஹீட்டரின் சூடு தண்ணீருக்குப் போகாமல் உலோகத்திலேயே தேங்குகிறது. உடனே தெர்மோஸ்டாட் மின்சாரத்தை வெட்டிவிடும். ஆறியதும் மறுபடி விடும், மறுபடி வெட்டும். 900 வாட் என்று எழுதியிருந்தாலும் சராசரியாகத் தண்ணீருக்குக் கிடைப்பது பாதியாகக்கூட இருக்கலாம். பாதியில் நின்று நின்று ஓடுவதற்கு இதுதான் காரணம்.

இதற்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தொட்டியில் ஊற்றலாம். வினிகர் வாடை பிடிக்காதவர்கள், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் கரைத்துக்கொள்ளலாம். மெஷினைப் போட்டு, பாதி வடிந்ததும் அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். அமிலம் படிவைக் கரைக்க நேரம் வேண்டும், நிற்காமல் ஓட்டினால் பலன் குறைவு. அப்புறம் மீதியை ஓட்டி, வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் பக்கம் போகவே கூடாது. அது அலுமினியத்தையே அரித்துவிடும்.

படிவோ தூசியோ வால்வில் சிக்கினால் அடையாளம் வேறு மாதிரி இருக்கும். தொட்டிக்குள்ளேயே குமிழி வரும், சத்தம் கேட்கும், மேலே தண்ணீர் ஏறாது. ஆவி இரண்டு பக்கமும் தள்ளுகிறது என்று அர்த்தம். இதற்கும் பெரும்பாலும் வினிகர் ஊறலே போதும். லைட் எரிந்தும் மெஷின் சூடே ஆகவில்லை என்றால் அனேகமாக உள்ளே இருக்கும் வெப்ப ஃபியூஸ் போயிருக்கும். அதைத் தவிர்த்து வயரை நேராக இணைப்பது தீப்பிடிக்க வழி. மெக்கானிக்கிடம் கொடுத்து அதே அளவு ஃபியூஸ் போடச் சொல்லுங்கள்.

சரி, மெஷின் நன்றாக ஓடுகிறது, ஆனால் கூடை நிரம்பித் தூளோடு வழிகிறது. நம் வீடுகளில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் தெளிவானது. மேலே போட்ட கணக்குப்படி நொடிக்குச் சுமார் இரண்டரை மில்லி வெந்நீர் கொட்டுகிறது. கூடையும் அதே வேகத்தில் வடிய வேண்டும். பித்தளை ஃபில்டருக்காக அரைத்த நைஸ் தூள், நிதானமாகச் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்கானது. அதில் சிக்கரியும் இருந்தால், நனைந்ததும் மெத்தென்று ஊறி வழியை இன்னும் அடைக்கும். கடையில் சிக்கரி இல்லாமல், ரவை பதத்துக்கு அரைத்துத் தரச் சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். சிக்கரி இல்லாமல் முடியாது என்பவர்கள் அளவைக் குறைத்து, ஒரே தடவையில் அரை லிட்டருக்கு மேல் போடாமல் இருக்கலாம்.

தூள் சரியாக இருந்தும் வழிந்தால் கூடையின் அடியைப் பாருங்கள். குடுவையை நடுவில் எடுத்தால் சொட்டாமல் தடுக்க அங்கே ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி இருக்கும். குடுவையின் மூடி அதை மேலே தள்ளினால்தான் திறக்கும். குடுவை சரியாக உட்காராவிட்டாலும், அதன் மூடியைக் கழற்றி வைத்திருந்தாலும், தூள் சிக்கியிருந்தாலும் வழி அடைபடும். பேப்பர் ஃபில்டர் மடங்கிச் சரிந்தாலும் தூள் இங்கேதான் வந்து சேரும். பேப்பரின் தையல் ஓரத்தை மடித்து, கொஞ்சம் தண்ணீரில் நனைத்துக் கூடையோடு ஒட்டிவிட்டால் சரியாது. இன்னொன்று: சீக்கிரம் ஆகட்டும் என்று தொட்டியில் வெந்நீர் ஊற்றக் கூடாது. 60 டிகிரித் தண்ணீர் ஊற்றினால் இன்னும் 35 டிகிரிதான் ஏற வேண்டும், கொட்டும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கூடை வழியும், வழியாவிட்டாலும் தூளில் தண்ணீர் நிற்கும் நேரம் குறைந்து டிகாஷன் நீர்க்கும்.

டிகாஷன் நீர்த்துப்போவதற்கு முதலில் பார்க்க வேண்டியது அளவு. ஒரு லிட்டருக்கு சுமார் 60 கிராம் தூள், அதாவது தலைதட்டிய 12 மேசைக்கரண்டி அளவுக்கு வேண்டும். மெஷினில் போட்டிருக்கும் 'கப்' கோடு பெரும்பாலும் 125 முதல் 150 மில்லிதான், நம் டம்ளர் கணக்கல்ல. அடுத்தது, மேலே தண்ணீர் தெளிக்கும் துளைகள். அவை அடைபட்டால் ஒரே இடத்தில் தண்ணீர் விழுந்து, தூளில் குழி பறித்துக்கொண்டு ஓடிவிடும். முடிந்ததும் கூடையைத் திறந்து பாருங்கள். நடுவில் குழியும் ஓரத்தில் காய்ந்த தூளும் இருந்தால், துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். பத்து கப் மெஷினில் இரண்டு கப் போட்டாலும் தூள் மெல்லிசாகப் பரவி, தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். குறைந்தது பாதிக் கொள்ளளவுக்குப் போடுவது நல்லது.

இத்தனையும் செய்து வரும் டிகாஷன் பால் சேர்க்காமல் குடிக்கத்தான் சரியாக இருக்கும். பால் காபிக்கு அதே 60 கிராம் தூளுக்குத் தண்ணீரைப் பாதியாக்கி அரை லிட்டர் ஊற்றுங்கள். வடிந்த டிகாஷனைத் தொட்டியில் ஊற்றி மறுபடி ஓட்ட மட்டும் வேண்டாம். காபியின் எண்ணெய்ப்பசை குழாய்க்குள் கருகி ஒட்டிக்கொள்ளும், அதை வினிகராலும் எடுப்பது கடினம்.